தூங்கியது வங்கி, தண்டம் நமக்கு

தாமதத்துக்கு நம் வங்கிகளில் இரண்டு விலை உண்டு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் சில மணி நேரம் பிந்தினால் 590 ரூபாய். அதே பணத்தை வங்கியே இரண்டு நாள் பிந்தி வரவு வைத்தால் 16 ரூபாய் 44 காசு. முதல் தொகையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்கப் போனால், "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று நம்மையே கேட்பார்கள்.

கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர். காலண்டர் அடித்துக் கொடுத்ததற்கு மதுரை ஜவுளிக்கடை ஒன்று 1,20,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தது. திங்கட்கிழமை காலை 11.20-க்கு அதைத் தம் வங்கியின் கவுன்ட்டரில் கொடுத்து, சலான் அடிக்கட்டையில் சீல் வாங்கிக்கொண்டார். கணக்கில் ஏற்கெனவே இருந்தது 11,200. காகித வியாபாரிக்குப் புதன்கிழமை தேதியிட்டு 84,500 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்தார். இரண்டு நாள் இடைவெளி போதாதா என்று நினைத்தார். போதவில்லை. புதன்கிழமை மதியம் காகித வியாபாரியின் காசோலை "போதிய நிதி இல்லை" என்ற முத்திரையோடு திரும்பியது. அன்று இரவே 1,20,000 ரூபாய் சாவகாசமாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலை 500 ரூபாய் ரிட்டர்ன் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590 கழிந்திருந்தது. ஒரு பாவமும் அறியாத காகித வியாபாரியிடம் அவருடைய வங்கி, காசோலை திரும்பியதற்கென்று 177 ரூபாய் பிடித்துக்கொண்டது.

நாணயமான மனிதரை நாணயமற்றவர் என்று முத்திரை குத்த ஆன செலவையும் அவரிடமே வசூலித்திருக்கிறார்கள். இந்தச் சிக்கனத்தை வேறெந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை.

இனி அந்த இரண்டு நாள் எங்கே போயிற்று என்று தேடுவோம். ஒரு காலத்தில் காசோலை என்ற காகிதம் ஊர் ஊராகப் பயணம் செய்தது. அப்போது ரயில் பிந்தியது, மழை பெய்தது என்றெல்லாம் சொல்ல இடம் இருந்தது. இன்று காகிதம் நாம் கொடுத்த வங்கியைத் தாண்டிப் போவதில்லை. அதன் படமும் காந்த மையில் அச்சான எண்களும்தான் போகின்றன. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி இதை இன்னும் முடுக்கியது. பகலில் வரும் காசோலைகளை மொத்தமாகக் கட்டி வைக்காமல், வர வர ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். காசோலை எழுதியவரின் வங்கி அன்று இரவு 7 மணிக்குள் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். வாயே திறக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். கணக்குத் தீர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நம் வங்கி நமக்குப் பணத்தை விடுவிக்க வேண்டும். ஆக, திங்கள் காலை 11.20-க்குக் கொடுத்த காசோலை திங்கள் இரவுக்குள் பணமாகியிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் இரண்டு நாள் ஒளிந்துகொள்ள ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் தட்டு.

நண்பர் மேனேஜரைப் பார்க்கப் போனார். மூன்று பதில்கள் கிடைத்தன. எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் இதே மூன்றும் இதே வரிசையில் கிடைக்கும்.

முதல் பதில்: "அண்ணாச்சி, அது சிஸ்டம் தானாப் போட்டது." கழிக்கும்போது சிஸ்டம் தானாகக் கழிக்கிறது. திருப்பித் தர மட்டும் மண்டல அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டுமாம். ரிசர்வ் வங்கியின் அறிவுரை இதில் தெளிவாக இருக்கிறது: காசோலை திரும்பியதற்கு வாடிக்கையாளரின் தவறு காரணமாக இருந்தால் மட்டுமே கட்டணம் விதிக்கலாம். சிஸ்டத்துக்குத் தவறு யாருடையது என்று தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் மேனேஜர் என்று ஒருவருக்குக் கண்ணாடி அறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பதில்: "நாங்க அன்னைக்கே அனுப்பிட்டோம், மதுரை பேங்க்லதான் லேட்." இந்தப் பொய்யை உடைக்க ஒரு போன் போதும். காசோலை கொடுத்த ஜவுளிக்கடைக்காரரிடம், அவர் கணக்கில் பணம் எந்தத் தேதியில் கழிந்தது என்று கேட்டு, ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரியை அனுப்பச் சொல்ல வேண்டும். படம் திங்களன்றே போயிருந்தால் திங்கட்கிழமையே கழிந்திருக்கும். அவருக்குப் புதன்கிழமை கழிந்திருந்தது. மதுரை வங்கி வந்த நாளிலேயே வேலையை முடித்துவிட்டது. தூங்கியது சிவகாசிக் கிளை. இந்த வகை வழக்கில் இதைவிட வலுவான சாட்சி இல்லை. ஆனால் பெரும்பாலோர் தம் பாஸ்புக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போய், எதிராளியின் ஸ்டேட்மென்ட்டைக் கேட்க மறந்து, தோற்றுத் திரும்புகிறார்கள்.

மூன்றாவது பதில்தான் உபதேசம்: "கணக்குல காசு வந்த பிறகுதானே செக் கொடுக்கணும்?" நல்ல அறிவுரை. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு; கொடுத்த காசோலை பணமாகும் வரை அது பணம் அல்ல. ஆனால் எத்தனை நாளில் பணமாகும் என்று வங்கியே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் காசோலை வசூல் கொள்கை என்று ஓர் ஆவணத்தை வெளியிட வேண்டும். எத்தனை மணிக்குள் கொடுத்தால் என்று வரவு, பிந்தினால் என்ன வட்டி என்பதெல்லாம் அதில் இருக்கும். வங்கி தன் வாக்கைத் தான் நம்பவில்லை என்பதற்காக, அதை நம்பியவருக்கு அபராதம் போட முடியாது.

உபதேசம் முடிந்ததும் மேனேஜரின் மனம் இளகியது. "பழைய கஸ்டமர். ஒரு லெட்டர் கொடுங்க, பாதியைத் தள்ளுபடி பண்ணப் பார்க்கிறேன்." பையை அடித்தவன் பாதியைத் திருப்பித் தந்து வள்ளல் பட்டம் வாங்கிக்கொள்வது இப்படித்தான். இங்கேதான் பலர் நன்றி சொல்லி எழுந்துவிடுகிறார்கள். தள்ளுபடி கேட்டுக் கடிதம் கொடுத்தால், கட்டணம் சரியானதே, கருணையால் குறைத்தோம் என்று பதிவாகும். காசோலை திரும்பிய பழி நம் தலையிலேயே தங்கும். ஆகவே கடிதத்தில் "தயவுசெய்து" குறைவாகவும் தேதிகள் நிறையவும் இருக்க வேண்டும். நண்பர் எழுதியது இது:

"திங்கள் காலை 11.20-க்குக் கவுன்ட்டரில் கொடுத்த காசோலை, தங்கள் வசூல் கொள்கைப்படி அன்றே வரவாகியிருக்க வேண்டும். காசோலை எழுதியவரின் கணக்கில் புதன்கிழமைதான் கழிந்திருப்பதால், தாமதம் தங்கள் கிளையில் நேர்ந்தது. தவறாகப் பிடித்த 590 ரூபாயையும், தாமதத்துக்குரிய வட்டியையும், காகித வியாபாரி இழந்த 177 ரூபாயையும் தருக. காசோலை திரும்பியது தங்கள் தாமதத்தால்தான் என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும்."

சலான் அடிக்கட்டை, ரிட்டர்ன் மெமோ, இரண்டு ஸ்டேட்மென்ட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, புகார் எண் வாங்கிக்கொண்டார்.

கடைசிக் கோரிக்கையை அலட்சியமாக எண்ண வேண்டாம். போதிய நிதி இல்லாமல் காசோலை திரும்புவது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். பணம் பெற வேண்டியவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றம் ஆகாது. நண்பர் வியாழக்கிழமையே 84,500 ரூபாயையும் ஆன்லைனில் அனுப்பிவிட்டார். வங்கியோடு சண்டை முடியட்டும் என்று காகித வியாபாரியைக் காக்க வைப்பவர்கள் இரண்டு முனையிலும் அடி வாங்குவார்கள்.

இப்போது அந்த 16 ரூபாய் 44 காசு. வசூல் தாமதத்துக்கு வட்டி தர வேண்டும், வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சேமிப்புக் கணக்கு வட்டி இரண்டரை சதவீதம் என்று வைத்தால், 1,20,000 ரூபாயை இரண்டு நாள் முடக்கியதற்கு அவ்வளவுதான் வருகிறது. 590-ஐ நொடியில் கண்டுபிடித்த அதே சிஸ்டத்துக்கு, இந்தப் 16 ரூபாய் மட்டும் கண்ணில் படவே இல்லை. படாமல் இருப்பதில் லாபம் இருக்கிறதே!

வங்கி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. நேரம் கடந்து கொடுத்தது, சலானில் கணக்கு எண்ணைத் தப்பாக எழுதியது, இடையில் வந்த விடுமுறையை எண்ணாமல் விட்டது, இவையெல்லாம் நம் பொறுப்பு. பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் எத்தனை மணிக்குப் போட்டோம் என்று நிரூபிக்க ஆதாரம் இருக்காது. கவுன்ட்டரில் கொடுத்து ஒப்புகை கேட்டால் மறுக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. "பெட்டியில போடுங்க சார்" என்று கையைக் காட்டுபவர் நம் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை; நம் சாட்சியை மிச்சமில்லாமல் செய்கிறார்.

30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் வங்கியின் கொள்கையைத் துதிபாடுவதோடு நின்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நேரடியாக அங்கே போனால் புகார் தள்ளுபடியாகும்; முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும்.

நண்பருக்கு 590 ரூபாயும் திரும்பி வந்துவிட்டது. குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டியிருக்கவில்லை. 177 ரூபாய்க்கும் வட்டிக்கும் இன்னும் "பரிசீலனை" நடக்கிறது. காகித வியாபாரிக்கு எழுத வேண்டிய கடிதத்தை வங்கி எழுதவே இல்லை. எழுதினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். 590 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வசூல் நடக்கிறது. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குங்கள். தள்ளுபடி கேட்காதீர்கள், உங்கள் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.