புண்ணியமும் புரதமும்

பழநியாண்டவர் கோயிலில் நாள் முழுதும் நடைபெறும் அன்னதானமாயினும் சரி, வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867இல் மூட்டிவைத்த அடுப்பாயினும் சரி, பசித்து வந்தவனின் வயிறு நிறைந்ததா என்று விசாரிப்பதே நம்மவர் வழக்கம். நிறைந்த வயிற்றுக்குள் என்னதான் போயிற்று என்று விசாரித்த மனிதரை நான் கொடைக்கானலில்தான் சந்தித்தேன்.

அவர் ஓய்வு பெற்ற கணித உபாத்தியாயர். தொட்டியை நிரப்பும் குழாயையும் காலி செய்யும் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டு, இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைக் கதிகலங்க அடித்த மகானுபாவர். திறப்பதற்குக் குழாயின்றித் தவித்துக்கொண்டிருந்த அவருடைய கடாட்சம், நாங்கள் சிலர் சேர்ந்து கூலியாட்களுக்கும் வறியவர்களுக்குமாக நடத்திவந்த மதிய அன்னதானக் கூடத்தின்மேல் விழுந்தது. நான் அதன் பொருளாளன். ஆகையால் முதல் அடி எனக்கே.

“நூறு பேருக்குப் பருப்பு எவ்வளவு போடுகிறீர், தம்பி?” என்று சமையற்காரரைக் கேட்டார்.

“கண்ணளவுதான், வாத்தியாரய்யா.”

“யாருடைய கண்?”

இதற்கு விடை இல்லாமற்போகவே, தராசு வந்தது. அரிசி 15 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ என்று தெரிந்தது. குன்னூர் ஆராய்ச்சிசாலையிலிருந்து அய்க்ராய்டு துரை 1937இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின் பிற்காலப் பதிப்பொன்றை மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். ஆளுக்கு 150 கிராம் அரிசியில் புரதம் 10 கிராம்; 20 கிராம் பருப்பில் நாலரை; காய்கறியில் தாராளமாக வைத்தாலும் ஒன்றரை; ஆக 16. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற பழைய விதிப்படி, 55 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைப் பங்கு 18 கிராமுக்குச் சற்று மேல். எரிசக்திக்குக் குறைவில்லை, அதை அரிசியும் எண்ணெயுமே பார்த்துக்கொண்டன. புரதத்தில்தான் இரண்டு கிராமுக்கு மேல் துண்டு விழுந்தது. அரிசியைக் கூட்டி அதைச் சரிக்கட்டலாமே என்று நான் சிக்கனமாக ஒரு யோசனை சொன்னேன். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவென்றும், பருப்பில் அது மிகுதியென்றும், ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புவதாலேயே சோறும் பருப்பும் சேர்ந்து சோபிக்கின்றன என்றும், கடைசி பெஞ்சு மாணவனுக்குச் சொல்லும் பொறுமையோடு எனக்கு விளக்கப்பட்டது.

துண்டு விழுந்தது தாளில் மட்டுமன்று என்பதையும் அவரே கண்டுபிடித்தார். முதற்பந்தியில் ஒரு கண்ணாடித் தம்ளரிலும் கடைசிப் பந்தியில் இன்னொன்றிலும் சாம்பாரை வாங்கி, ஜன்னலோரத்தில் அசையாமல் வைத்தார். அரைமணி கழித்துப் பார்த்தால், முதல் தம்ளரில் மஞ்சள் நீருக்கு அடியில் ஒரு விரற்கடைப் பருப்பு. இரண்டாவதில் முக்கால் தம்ளர். இத்தனைக்கும் காரணம் மலைதான். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் திறந்த அண்டாவில் சூடு ஏறுவதில்லை. ஆகவே துவரை கரைந்து குழம்போடு கலக்காமல், விரலால் நசுக்கினால் நடுவில் திப்பியாக நின்று, அடியில் போய்ப் படிந்துவிடுகிறது. சீக்கிரம் பசித்து வந்தவனுக்கு ரசமும், தாமதமாக வந்தவனுக்குப் பருப்பும் கிடைத்துக்கொண்டிருந்தன.

அண்டா கொள்ளும் அளவுக்குப் பிரஷர் குக்கர் வாங்க என் பெட்டியில் பணமில்லை. சாம்பாரில் பருப்பை இரட்டிப்பதாலும் பயனில்லை, அடியிலுள்ளவன்தான் இரட்டிப்பாகச் சாப்பிடுவான். கடைசியில் சமையற்காரரே வழி சொன்னார்: “பாசிப்பருப்பு இந்தக் குளிரிலும் வெந்துவிடும், ஐயா. சௌசௌ இங்கே மலிவு. கூட்டாக வைத்தால் கெட்டியாக நிற்கும். கரண்டிக்குக் கரண்டி வித்தியாசம் வராது.” உபாத்தியாயர் அவரை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “விடை சரி, வழிமுறையும் சரி” என்றார். இவ்வளவு பெரிய மதிப்பெண்ணை அவர் வேறெவருக்கும் வழங்கியதாகச் சரித்திரமில்லை.

இரண்டு கிலோ பாசிப்பருப்பு கூடவே, புரதம் ஏறக்குறைய 21 கிராமுக்கு உயர்ந்தது. துவரையையும் முன்கூட்டியே ஊறவைக்கலானோம். செலவைச் சமாளிக்க அப்பளத்தை நிறுத்தினேன். அப்பளமில்லாத அன்னதானத்தில் என்ன புண்ணியம் என்று உபயதாரர் ஒருவர் சினந்தார். ஒரு சிற்றப்பளத்தில் புரதம் சுமார் ஒரு கிராம்தான், எண்ணெய்ச் செலவோ அதைவிடப் பெரிது என்று உபாத்தியாயர் கணக்கோடு கிளம்பிப்போய், அவரைச் சமாதானப்படுத்தியதோடு, பாசிப்பருப்பு மூட்டையொன்றும் வாங்கி வந்தார்.

உங்கள் ஊரில் அன்னதானம் நடத்துகிறவர்கள் யாரேனும் இருந்தால், முதற்பந்திக் குழம்பிலும் கடைசிப் பந்திக் குழம்பிலும் ஒவ்வொரு தம்ளர் எடுத்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். பருப்பு இரண்டிலும் ஒரே உயரத்தில் நின்றால் உபாத்தியாயரைக் கூப்பிட வேண்டியதில்லை.