பெயர் மாறியது, முகவரி மாறவில்லை

2023 ஜூலையில் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது, பழைய பெயரைப் பின்தொடர்ந்தோரைப் புதிய பெயருக்கு அழைத்துவரும் சிக்கல் எளிதில் தீர்ந்தது. புதுக் கணக்கு தொடங்காமல், இருந்த கணக்கின் பயனர்பெயரை, அதாவது @ குறிக்குப் பின்வரும் அடையாளத்தை, @Twitter என்பதிலிருந்து @X என மாற்றியதால், அனைவரும் விரலசைக்காமலே குடிபெயர்ந்தனர். @X என்ற அப்பெயரைப் பல ஆண்டுகளாக வைத்திருந்த ஒளிப்படக் கலைஞரிடமிருந்து அது முன்னறிவிப்பின்றி எடுக்கப்பட்டதும், ஈடாகத் தன் முத்திரையிட்ட பொருள்கள் சிலவற்றை வழங்க நிறுவனம் முன்வந்ததும் தாராள மனத்தின் அடையாளங்கள்.

நம்பிக்கை ஆட்டங்கண்டது வேறிடத்தில். 2024 ஏப்ரலில், ஐபோன் செயலியில் பதிவுகளுக்குள் தோன்றும் twitter.com என்ற எழுத்துகளையெல்லாம் x.com எனத் தானாகவே மாற்றிக் காட்டும் ஏற்பாடு வந்தது. அவ்வெழுத்துகள் தனி முகவரியா, வேறொரு முகவரியின் வாலா என்று அது பார்க்கவில்லை. ஆகவே netflitwitter.com என எழுதினால் வாசகர் கண்ணுக்கு netflix.com எனத் தெரிந்தது. தொட்டால் போய்ச்சேர்ந்ததோ முன்னதற்கு. போலி முகவரியால் கடவுச்சொல்லைப் பறிக்கும் தூண்டில் மோசடிக்காரர் செய்யவேண்டிய ஒப்பனையை நிறுவனமே இலவசமாகச் செய்து கொடுத்தது. மோசடிக்காரர் முந்திக்கொள்ளாதிருக்க, நல்ல மனம் கொண்ட ஒருவர் அம்முகவரியைத் தம் செலவில் பதிந்து வைத்தார். பிழையும் விரைவில் திருத்தப்பட்டது. பிறர் முகவரிகளில்கூடப் பழைய பெயரைத் துடைக்கப் புறப்பட்ட அந்நாளில், தளத்தின் சொந்த முகவரி twitter.com ஆகவே இருந்தது, அது x.com ஆக முழுமையாக மாறியது மே மாதத்தில்தான்.