பாகப் பணமும் பன்னிரண்டு தவணையும்

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீட்டை விற்றுப் பாகம் பிரித்தார்கள். மூலதன ஆதாய வரிக்கு எடுத்து வைக்கும்படி ஆடிட்டர் சொன்ன தொகை போக, என் பங்குக்கு 12 லட்சம் மிஞ்சியது. (இந்தியாவில் வாரிசுச் சொத்து கைக்கு வருவதற்கு வரி இல்லை. எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சொத்தை விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. இதை மறந்துவிட்டுப் பாகப் பணம் முழுவதையும் முதலீடு செய்துவிட்டு, பிறகு வரி கட்டக் கடன் கேட்டு வந்த ஒரு சித்தப்பா மகன் எனக்கு உண்டு.)

பணம் வங்கியில் ஏறிய செய்தி எனக்கு எஸ்.எம்.எஸ். ஆக வந்தது. மற்றவர்களுக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று சாயங்காலமே மச்சான் வந்துவிட்டான். என் மனைவியின் தம்பி, வங்கியில் வேலை பார்த்து வி.ஆர்.எஸ். வாங்கியவன். அதனால் நிதி விஷயத்தில் அவனுக்குச் சந்தேகம் என்பதே வருவதில்லை.

"அத்தான், மொத்தமாப் போட்டுடாதீங்க. லிக்விட் ஃபண்ட்ல வெச்சு, மாசம் ஒரு லட்சமா இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எஸ்.டி.பி. போடுங்க. சராசரி விலை தானாக் குறைஞ்சிடும்."

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அப்போது போனில் இருந்தாள். "மாமா சொல்றது எஸ்.ஐ.பி.க்குப் பொருந்தும்ப்பா. மாசச் சம்பளக்காரனுக்கு வேற வழியில்லை, வந்தப்ப வந்தப்ப போடுறான். உன்கிட்ட மொத்தமும் இப்பவே இருக்கு. நாளைக்கே போடு" என்றாள்.

மாமியார் மட்டும் நகைக்கடை என்றார். அவர் எந்தக் கேள்விக்கும் அதைத்தான் சொல்வார் என்பதால் அந்தத் தீர்மானம் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இரண்டு தரப்பும் என்னை நடுவராக்கிவிட்டதால் பழைய நிஃப்டி கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2021-ஆம் வருஷத்தை முதலில் பார்த்தேன். ஜனவரி கடைசியில் நிஃப்டி 13,635. அன்றைக்கு 12 லட்சத்தையும் போட்டிருந்தால் டிசம்பர் கடைசியில், நிஃப்டி 17,354-இல் இருக்கும்போது, அது சுமார் 15.27 லட்சம் ஆகியிருக்கும். அதையே ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு லட்சமாகப் போட்டிருந்தால் 13.16 லட்சம்தான். டிவிடெண்டையும், லிக்விட் ஃபண்டில் காத்திருந்த பணத்துக்குக் கிடைத்திருக்கும் சில்லறையையும் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் இரண்டு லட்ச வித்தியாசம் இருபதாயிரத்தில் அடைபடாது.

மச்சான் சொன்ன 'சராசரி விலை குறையும்' என்னவாயிற்று? சந்தை ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு தவணையும் முந்தைய தவணையைவிட அதிக விலைக்குத்தான் வாங்கும். சராசரியும் ஏறும். முதல் நாள் விலைக்குக் கீழே சந்தை இறங்கி, அங்கே கொஞ்ச காலம் கிடந்தால்தான் தவணைக்காரனுக்கு ஆதாயம். எந்தத் தவணைத் திட்டமும் தன் பலத்தால் விலையை இறக்கி வைப்பதில்லை.

இதை மச்சானிடம் சொன்னபோது அவன் அசரவில்லை. "2020 போட்டுப் பாருங்க" என்றான். போட்டேன். 2020 ஜனவரி கடைசியில் நிஃப்டி 11,962. மொத்தமாகப் போட்டவரின் 12 லட்சம் டிசம்பர் கடைசியில் 14.03 லட்சம். மாதம் ஒரு லட்சமாகப் போட்டவருக்கு 15.29 லட்சம். மச்சான் காபியை ஆற்றிக் குடித்த விதத்திலேயே வெற்றி தெரிந்தது.

ஆக ஆளுக்கு ஒரு வருஷம். ஆனால் இந்த இரண்டு மாதிரி வருஷங்களும் சரிசமமாக வருவதில்லை. 2012-இல் வேன்கார்டு நிறுவனம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பழைய சந்தைக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. மொத்தமாகப் போட்டவர், பன்னிரண்டு மாதத் தவணையில் போட்டவரை ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை முந்தியிருந்தார். காரணத்தில் சூட்சுமம் எதுவும் இல்லை. சந்தை இறங்கிய காலத்தைவிட ஏறிய காலம் அதிகம். அந்த நேரத்தில் தவணைக்காரரின் பணத்தில் பெரும்பகுதி வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

மகளிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதுதான் மச்சானைக் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது. "மாமா, உங்க பணம் ஏற்கெனவே பத்து லட்சம் ஃபண்ட்ல இருக்கில்ல? அதை இன்னைக்கு வித்துட்டு, மாசாமாசம் திரும்ப உள்ளே போடுவீங்களா?"

"எதுக்கு? பைத்தியமா?"

"அப்பா கையில இருக்கிற பணத்துக்கும் உங்க பணத்துக்கும் என்ன வித்தியாசம்?"

ரூபாயைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. மனசைப் பொறுத்தவரை இருக்கிறது. நிதியியல் பேராசிரியர் மெய்ர் ஸ்டாட்மன் 1995-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. தவணை முறை லாபத்தைக் கூட்டுவதற்காக அல்ல, 'நேற்றுதானே மொத்தமும் போட்டேன், இன்று விழுந்துவிட்டதே' என்ற அங்கலாய்ப்பைக் குறைப்பதற்காகவே மக்களுக்குப் பிடிக்கிறது. எங்கள் வீட்டு நிலவரப்படி இது அற்பக் காரணம் இல்லை. தாத்தா வீட்டுப் பணம் ஒரே வாரத்தில் ஒரு லட்சம் இறங்கினால், அந்தச் செய்தி தஞ்சாவூர் ஜில்லாவில் யார் யார் வாயில் எப்படியெல்லாம் புரளும் என்று எனக்குத் தெரியும். அதைத் தவிர்க்கக் கொஞ்சம் லாபத்தை விட்டுக்கொடுப்பது என்னைப் பொறுத்தவரை நியாயமான பிரீமியம்.

ஆனால் அந்தப் பிரீமியம் எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்றும் பார்க்க வேண்டும். 2007 ஜனவரியில் நிஃப்டி 4,000 சொச்சம். அந்த வருஷம் முழுக்கத் தவணையாகப் போட்டவர், 2008 ஜனவரியில் அது 6,300-ஐத் தாண்டியபோது கடைசித் தவணையையும் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அதே வருஷம் அக்டோபர் 27 அன்று சந்தை நடுவில் 2,300-க்கும் கீழே போனது. அவருடைய முழுப் பணமும் உள்ளேதான் இருந்தது. 2007 ஜனவரியிலேயே மொத்தமாகப் போட்டவரும் அடிபட்டார்தான். ஆனால் அவர் வாங்கிய விலையாவது குறைவு. தவணை அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குத்தான் குடை பிடிக்கும்.

மச்சானின் 2020 வெற்றிக்கே திரும்ப வருகிறேன். 15.29 லட்சம் எங்கிருந்து வந்தது என்று மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மார்ச் கடைசியில் போட்ட ஒரு லட்சம் டிசம்பரில் 1.63 லட்சம். ஏப்ரலில் போட்டது 1.42, மே மாதத்தில் போட்டது 1.46. நவம்பரில் போட்டது வெறும் 1.08. தவணைக்காரரை ஜெயிக்க வைத்தவை அந்த நடு மாதங்கள்தான்.

அந்த மாதங்கள் எப்படி இருந்தன? மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தது. மறுநாள் ராத்திரியே நாடு முழுக்க ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிய காலம். அப்போது எஸ்.டி.பி. போட்டிருந்த எத்தனையோ பேர், 'நிலைமை தெளியட்டும்' என்று நிறுத்தி வைத்தார்கள். என் கற்பனைத் தவணைக்காரரும் மார்ச், ஏப்ரல், மே மூன்று தவணைகளை மட்டும் நிறுத்தி, அந்த மூன்று லட்சத்தை டிசம்பர் கடைசியில் போட்டதாக வைத்துக்கொண்டேன். அவருக்குக் கிடைப்பது 13.79 லட்சம். கண்ணை மூடிக்கொண்டு ஜனவரியில் மொத்தமாகப் போட்டவரின் 14.03 லட்சத்தைவிடக் குறைவு.

எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது. கை நடுங்கும் மாதத்தில் போடுகிற தவணைதான் தவணை முறையின் முழு ஆதாயமும். அதைப் போட முடியாதவருக்குத் தவணையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மகளுக்கும் மச்சானுக்கும் தீர்ப்புச் சொல்லும் முன் மனைவி குறுக்கிட்டாள். "பன்னெண்டு லட்சத்தையும் ஷேர்லதான் போடணும்னு யார் சொன்னது?"

சபையில் மிக உபயோகமான கேள்வி இதுதான். மொத்தமாகப் போடப் பயமாக இருந்தால், பயம் பல சமயம் தவணையைப் பற்றியது அல்ல, தொகையைப் பற்றியது. 12 லட்சம் பாதியாகும் என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுத்தால், பன்னிரண்டு மாதம் கழித்தும் அந்த நினைப்பு அங்கேயேதான் இருக்கும். அப்படிப்பட்டவர் ஆறு லட்சத்தை டெபாசிட்டில் வைத்துவிட்டு ஆறு லட்சத்தை ஒரே நாளில் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவது மேல். நாங்கள் நாலு லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்தோம். மீதி எட்டு லட்சத்தை, என் உறவுக்காரர்களை முன்னிட்டு, ஆறு தவணையாகப் போடுவதாகத் தீர்மானம்.

எஸ்.டி.பி. படிவம் நிரப்பும்போது சில விஷயங்கள் தெரிந்தன. பணம் காத்திருக்கும் லிக்விட் ஃபண்டும், போய்ச் சேரும் இண்டெக்ஸ் ஃபண்டும் ஒரே ஃபண்ட் நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்றதாகவே கணக்கு. அதில் வரும் சின்ன லாபத்துக்கு அவரவர் வருமான வரம்புப்படி வரி. இண்டெக்ஸ் ஃபண்டில் நீண்டகால ஆதாயத்துக்கு வேண்டிய ஒரு வருஷமும் தவணைக்குத் தவணை தனித்தனியாக எண்ணப்படும். ஆறாவது தவணைக்கு ஆறாவது மாதத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும்.

தேதி எது என்று கேட்கும் கட்டத்தில் மனைவி நாள்காட்டியை எடுத்தாள். ராகுகாலம், எமகண்டம் பார்த்தாக வேண்டுமாம். ஃபண்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே என்.ஏ.வி.தான், அதுவும் சந்தை முடிந்த பிறகுதான் கணக்கிடுவார்கள், காலையில் நடந்தாலும் மத்தியானம் நடந்தாலும் அன்றைய விலை ஒன்றேதான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு அஷ்டமி எத்தனை மாதத்தில் பத்தாம் தேதி வருகிறது என்று எண்ண ஆரம்பித்தாள்.

தேதி முடிவானதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். செயலியின் பாஸ்வேர்டு அவளிடம் இருக்கும். சந்தை விழுகிறது என்று நான் எவ்வளவு கெஞ்சினாலும் நிறுத்தக் கூடாது. என் கெஞ்சலுக்கு அவள் மசிந்ததாகச் சரித்திரம் இல்லை என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் மொத்தமும் இல்லை, தவணையும் இல்லை, மூன்றாவது கட்சி. "விழட்டும் சார், விழுந்ததும் போட்டுக்கலாம்" என்று கிராஜுவிட்டிப் பணத்தைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கிறார். 2020 மார்ச்சில் விழுந்தபோது ஓடிப்போய்ச் சொன்னேன். "இன்னும் விழும் சார்" என்றார். உங்களுக்கும் பாகப் பணமோ போனஸோ வந்தால் மகள் பேச்சையும் கேட்கலாம், மச்சான் பேச்சையும் கேட்கலாம். ஹெட்மாஸ்டர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.