எட்டு நிமிட மாயை: ஒரு குறுவிடை ஆராய்ச்சி

உயர்தர இந்து நாகரிக வகுப்புகளில் மாதிரிப் பரீட்சை என்ற பெயரில் நடைபெறும் சடங்கைப் பற்றி முறையான ஆய்வொன்று இல்லாதது தமிழ்ப் புலமையுலகுக்கு நேர்ந்த இழுக்கு. அதைத் துடைக்கும் பொருட்டு, கொலன்னாவையில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடக்கும் மாலை வகுப்பு களமாகக் கொள்ளப்பட்டது. எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போய்வரும் பவுசர்களின் உறுமல் யன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும். மௌனம் கலைந்ததென்று எவரும் முறையிட முடியாத களம். வினா இது: ‘சைவசித்தாந்தம் கூறும் மாயையை வரையறுத்து, அத்துவைத வேதாந்தம் கூறும் மாயையுடன் ஒப்பிடுக.’ எட்டு நிமிடம், ஆறு புள்ளி.

முதல் நிமிடம் அடிமட்டத்துக்கு உரியது. ‘மாயை’ என்று தலைப்பிட்டு அதன் கீழே இரட்டைக் கோடு இழுக்காமல் எந்தப் பிள்ளையும் சிந்திக்கத் தொடங்குவதில்லை. கோட்டுக்குப் புள்ளி இல்லை என்பதைப் பரீட்சகர் அறிவார். மாணவர் நம்புவதில்லை.

அடுத்து வருவது வரைவிலக்கணம். இங்கே நம் முன்னோர் பெரும் உதவி செய்து வைத்திருக்கிறார்கள். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகத்தின் மரபில் இலக்கணத்துக்கு மூன்று குற்றங்கள் உண்டு: சொல்ல வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுவிடுதல் அவ்வியாப்தி, வேண்டாததையும் சேர்த்து அணைத்தல் அதிவியாப்தி, பொருளுக்கே பொருந்தாததைச் சொல்லுதல் அசம்பவம். தருக்க நூலார் பசுவை வைத்து விளக்குவார்கள். பசு கபில நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு வெளியே நிற்கும். கொம்புடையது என்றால் எருமையும் உள்ளே வரும். ஒற்றைக் குளம்புடையது என்றால் ஒரு பசுவும் அகப்படாது.

மேல்மாடி விடைத்தாள்களில் இம்மூன்றும் குறையின்றி விளங்குகின்றன. ‘மாயை என்பது உயிருக்கு உடலைத் தருவது’ என்பவர் கரணத்தையும் புவனத்தையும் போகத்தையும் வீதியில் விட்டுவிட்டார். ‘மாயை என்பது மும்மலங்களில் ஒன்று’ என்பவர் ஆணவத்தையும் கன்மத்தையும் விருந்துக்கு அழைத்துவிட்டார். ‘மாயை என்பது பொய்த்தோற்றம்’ என்பவரோ சித்தாந்த வினாவுக்கு வேதாந்த விடை எழுதியவர். அவரிடம் ஒற்றைக் குளம்புப் பசு. அதிகம் காணப்படுவது இந்தக் கடைசி இனமே. ‘உலகே மாயம்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் பேச்சு பேனாவுக்குள் புகுந்துவிடுவதே காரணம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

குற்றமற்ற விடை ஒரு வாக்கியத்தில் அடங்கும்: மாயை என்றும் உள்ளதும் சடமுமாகிய உள்பொருள், உலகுக்கு முதற்காரணமாய் நின்று உயிர்களுக்குத் தனு, கரண, புவன, போகங்களைத் தரும் மலம். இதை எழுத ஒன்றரை நிமிடம் போதும்.

இனி ஒப்பீடு. இங்கேதான் நேரம் கொள்ளை போகிறது. பெரும்பாலோர் சித்தாந்த மாயை பற்றி ஒரு பந்தி, வேதாந்த மாயை பற்றி ஒரு பந்தி எழுதி, நடுவில் ‘ஆனால்’ என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு, ஒப்பிட்டாயிற்று என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒருபக்கம் மாயையின் தொழிலையும் மறுபக்கம் அதன் நீக்கத்தையும் சொன்னால் இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆகவே எழுதுமுன் அரை நிமிடம் செலவிட்டு, இருபக்கமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மாயை உள்ளதா? சித்தாந்தி உள்ளது என்பார். அத்துவைதி சத்தென்றும் சொல்லமாட்டார், அசத்தென்றும் சொல்லமாட்டார், அநிர்வசனீயம் என்பார். உலகோடு அதற்கு என்ன உறவு? சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் போல முதற்காரணம். குயவனாக இறைவன் வேறாக நிற்கிறான். அத்துவைதத்தில் கயிறு அரவாகத் தோன்றுவது போல, பிரமமே உலகாகத் தோன்ற மாயை ஏது. முத்தியில் அதற்கு என்ன ஆகிறது? அத்துவைதத்தில் ஞானம் வந்ததும் மாயை ஒழியும். சித்தாந்தத்தில் மாயை அழிவதில்லை. உயிர்தான் அதன் பிடியிலிருந்து விடுபடுகிறது. இந்த மூன்றையும் எழுத நான்கு நிமிடம் ஆகும். குடத்தையும் கயிற்றையும் இடம்மாற்றி எழுதியவரைப் பரீட்சகர் அந்த வரியிலேயே கண்டுகொள்வார்.

எட்டாம் நிமிடத்தில் “சேர், இன்னும் ரெண்டே ரெண்டு வரி, ப்ளீஸ் சேர்” என்ற குரல் எழும். அந்த இரண்டு வரியும் எப்போதும் மாயையின் பெருமை பற்றியதாகவே இருக்கும். புள்ளித்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். ‘வேறுபடுத்துக’ என்றால் வேற்றுமை போதும். ‘ஒப்பிடுக’ என்றால் ஒற்றுமையும் வேண்டும். அது தயாராகவே இருக்கிறது. இரு நெறிகளிலும் மாயை அநாதி; இரண்டிலும் அது சடம்.