பதவிக்கு ஒரு மலர்வளையம்

மலர்வளையத்து அட்டையில் ‘கண்ணீர் அஞ்சலி’ சிறிதாகவும், கொடுப்பவரின் பதவி பெரிதாகவும் இருக்கும். இறந்தவர் பெயருக்கு இடமில்லை. அவர்தான் பக்கத்திலேயே படுத்திருக்கிறாரே! பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். ஜெல் பேனாவில் எழுதியிருந்தால் பதவி கரைந்து ரோஜா மேல் வழியும். பால்பாயிண்டில், “அண்ணனுக்கு, மேலத்தெரு தையல்கடைக் குடும்பம்” என்று எழுதினால் போதும். யார் வந்து போனார்கள் என்று பிறகு அண்ணிக்குத் தெரியும்.

அடுப்பு மூட்டாத அந்த வீட்டுக்கு அனுப்பும் சாப்பாட்டுக் கூடையில் ‘ஆழ்ந்த இரங்கல்’ எதற்கு? அதைச் சாப்பிட முடியாது. “தயிர்சாதத்தை மதியமே முடித்துவிடுங்கள். புளிசாதம் ராத்திரிக்குத் தாங்கும். தூக்குச்சட்டியை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்” என்று எழுதுங்கள். கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள். துக்க வீட்டில் பாத்திரம் தேடவைப்பது பாவம்.