காய்ஞ்சா போயிடும்

என் மைத்துனர் ஊருக்குப் போய்விட்டார். அவர் சிந்திய காபி போகவில்லை. வெள்ளை மைக்கா ஒட்டிய என் எழுதும் மேஜையில் பில்டர் காபியை ஆற்றியே தீருவேன் என்று அடம்பிடித்து, டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவில் ஓர் அருவியை இறக்கினார். நான் துணி தேடி எழுந்தபோது, "விடுங்க மாமா, காய்ஞ்சா போயிடும்" என்றார். எத்தனை நம்பிக்கை! இந்த நாட்டில் பாதிப் பேர் மேஜை துடைக்காமலேயே காலம் தள்ளுவது இந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான்.

காய்ந்தது. போனது தண்ணீர் மட்டும். மறுநாள் காலையில் ஒவ்வொரு சொட்டும் கண்மை தீட்டியதுபோல் ஓரம் கறுத்து, நடுவில் வெளிறி, மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டம்ளரை வைத்த இடத்தில் விழும் வட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது டம்ளருடைய அடியின் அச்சு, அதில் ஆராய ஒன்றுமில்லை. நான் சொல்வது தனியாகச் சிந்திய சொட்டு. அது விழும்போது முழுக்க ஒரே பழுப்பு. நியாயப்படி பார்த்தால் நடுவில்தான் சொட்டு தடிமன். ஆகவே அங்கேதான் அதிகக் காபி, அங்கேதான் அதிகக் கறை இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. இந்த அநியாயத்தை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் முதலியவர்கள் ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் வீட்டிலும் மைத்துனர்கள் வந்துபோயிருக்க வேண்டும்.

விஷயம் இரண்டே முடிச்சு. முதலாவது, சொட்டின் ஓரம் விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது. மைக்கா நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. சொட்டுக்கு அது மேடும் பள்ளமும். ஓரம் அங்கே மாட்டிக்கொண்டபின் காயக் காயச் சொட்டால் சுருங்க முடியாது. அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறைந்து தட்டையாகிக்கொண்டே வரும். இரண்டாவது, ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. நடுவில் கிளம்பும் ஆவிக்கு அக்கம்பக்கமெல்லாம் தன்னைப் போன்ற ஆவிதான், பாதி திரும்பி விழுகிறது. ஓரத்து ஆவிக்குப் பக்கத்திலேயே காய்ந்த காற்று, தப்பித்துப் போய்விடலாம். இப்போது கணக்குப் போடுங்கள். ஓரம் நகரக் கூடாது, அங்கேதான் தண்ணீர் அதிகம் தீர்கிறது. அந்த நஷ்டத்தை நடுவிலிருக்கும் தண்ணீர்தான் ஓடிவந்து ஈடுகட்ட வேண்டும். அது சும்மா வருவதில்லை, தன்னில் மிதக்கும் காபித் துகள்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், துகள் எங்கே போகும்? ஓரத்திலேயே குவிகிறது.

இதைப் படித்ததும் எனக்கு டவுன் பஸ்தான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பஸ்ஸின் நடுவில் பந்தல் போட்டுப் பந்தி பரிமாறலாம், அவ்வளவு இடம். ஆனால் ஜனம் முழுக்கப் படிக்கட்டில். கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஒருவரும் அசைய மாட்டார்கள். கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கும்: ஒருவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறார், ஒருவருக்குக் காற்று வேண்டும், மூன்றாமவர் ஏன் நிற்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அந்த அடுத்த ஸ்டாப் ஆசாமி டெர்மினஸ் வரை நிற்பார், அது வேறு. இதில் பெரிய கொடுமை, முதலில் வந்து வாசலில் நின்றவரால் வாசல் இன்னும் கெட்டியாக அடைபடுகிறது. சொட்டிலும் அப்படியே. ஓரத்தில் முதலில் போய் உட்காரும் துகள்கள் சின்னக் கரையாகி, ஓரத்தை நகரவிடாமல் மேலும் இறுக்கிப் பிடிக்கின்றன. கூட்டமே கூட்டத்தை வளர்க்கிறது.

இன்னும் கேளுங்கள். 2011-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரே அளவு உருண்டைகளை நீரில் கலந்து சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் மெதுவாக வந்த உருண்டைகள் ஓரத்தில் வரிசையாக, பதவிசாக அடுக்கப்பட்டிருந்தன. கடைசி நேரத்தில் வந்தவை கன்னாபின்னாவென்று கிடந்தன. காரணம், சொட்டு தட்டையாகத் தட்டையாகத் தண்ணீர் போக வழி குறுகுகிறது. குறுகிய வழியில் ஓரத்தின் தாகத்தைத் தீர்க்க வேண்டுமானால் வேகமாகப் பாய்ந்தாக வேண்டும். காலை ஆறு மணி பஸ்ஸுக்கும் ஒன்பது மணி பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம். ஆறு மணிக்காரர் பையை மடியில் வைத்து ஒழுங்காக உட்கார்ந்திருப்பார். ஒன்பது மணிக்காரரின் கை ஒரு ஜன்னலிலும் டிபன் பாக்ஸ் மற்றவர் தோளிலும் இருக்கும்.

அதே வருடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கண்டக்டருக்கே தோன்றாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் உருண்டைகளை இழுத்து நீளவாக்கில் ஆக்கிச் சொட்டில் விட்டார்கள். நீண்ட துகள் தண்ணீரின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்துத் துகளையும் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு வலைபோல் ஆகிவிடுகிறது. ஓரத்துக்குப் போகவே இல்லை. சொட்டு காய்ந்தபின் கறை பரவலாக இருந்தது, வளையம் இல்லை. அதாவது பயணிகள் எல்லோரும் நீட்டிப் படுத்துவிட்டால் படிக்கட்டு காலியாகிவிடும். கண்டக்டர்கள் யோசிக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியுமா? டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக மேஜையில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு டிகாஷன் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எட்டிப் பார்த்து, "மாவு அரைக்கணும், கரண்ட் போறதுக்குள்ள" என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் குரலில் இருந்த பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் கேட்டேன். டெப்லான் பூச்சில் ஓரம் பிடிபடாது, சொட்டு சுருங்கிக்கொண்டே வந்து வளையம் வராமல் போகும் என்பதைச் சிகாகோக்காரர்களே பார்த்திருக்கிறார்கள். எங்கள் கல்லிலோ தோசைத்திருப்பி போட்ட கீறல்கள் ஏராளம். கீறல் இருந்தால் ஓரம் அங்கே மாட்டிக்கொள்ளும், சோதனை கெடும். புதுக் கல் வாங்கலாமா என்றேன். அதற்குக் கிடைத்த பதில் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதது.

கறையை எடுக்கும் வழியையும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பஸ் வந்து கெடுத்துவிட்டது. போகட்டும், நம்பாதவர்களுக்குச் சிகாகோக்காரர்களின் இன்னொரு சோதனையைச் சொல்கிறேன், செலவில்லாதது. சொட்டை ஒரு மூடியால் மூடி, மூடியில் சொட்டின் நடுவுக்கு நேர் மேலே ஒரு சின்ன ஓட்டை மட்டும் விடுங்கள். இப்போது ஆவி ஓரத்தில் தப்ப வழியில்லை, நடுவில்தான் போக வேண்டும். ஓரத்தில் வளையம் கட்டாது. பாலும் சர்க்கரையும் கலக்காத டிகாஷனாக இருக்கட்டும். காய ரொம்ப நேரமாகும். அதுவரை மேஜையைத் தொடாதீர்கள், வீட்டில் யாரையும் துடைக்கவும் விடாதீர்கள்.