வேலை வாங்கித் தரும் டியூப்

உங்கள் நாளிதழில் வந்த சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் ஒரு பெண் நேர்காணலில் தோற்கிறாள், சில வாரம் கிரீம் பூசுகிறாள், அடுத்த நேர்காணலில் ஜெயிக்கிறாள். நடுவில் ஏதாவது படித்தாளா என்று தெரியவில்லை. முதல் படத்தில் மங்கிய வெளிச்சத்தில், தலை வாராமல், கடன்காரனுக்குப் பயந்தவள்போல் நிற்கிறாள். இரண்டாவதில் புதுப் புடவை, பளிச்சென்ற விளக்கு, வாய் நிறையச் சிரிப்பு. இத்தனையையும் மாற்றிவிட்டு வெற்றிக்குக் காரணம் கிரீம்தான் என்றால், புடவைக் கடைக்காரர் வழக்குப் போட மாட்டாரா?

இந்தக் கதை புதிதல்ல. 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா ஏங்குவார். மகள் கிரீம் பூசி விமானப் பணிப்பெண் ஆவாள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போய் முறையிட்டது. 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. கறுப்பு நிறத்தவரை வேலையிலோ திருமணத்திலோ பின்தங்கியவராகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பே 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அந்தக் கிரீம் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை உதறி ‘குளோ’ ஆனது. இப்போதெல்லாம் யாரும் வெள்ளையாவதில்லை, ஒளிர்கிறார்கள்.

கிரீமில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இவ்வகைக் கிரீம்கள் பலவற்றில் இருக்கும் நியாசினமைடு, மேல்தோலின் அடியடுக்கில் உருவாகும் நிறமி மேல் செல்களுக்குப் போவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பூசுவதை நிறுத்தினால் நிறமி பழையபடி வந்துவிடும். வேதியியல் சொல்வது அவ்வளவுதான்; அதில் நியமன உத்தரவைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘சமூகம் சிவப்பைத்தானே விரும்புகிறது, நாங்கள் என்ன செய்ய?’ என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். நிறம் பார்த்து வேலை தருபவர்கள் இருப்பது உண்மைதான். அப்படியானால் குற்றம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடையது; விளம்பரமோ அவரைத் திருத்தாமல், இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணின் கன்னத்துக்குச் சிகிச்சை செய்கிறது. ‘ஆண்களுக்கும்தான் கிரீம் விற்கிறோம்’ என்பது இன்னொரு சமாதானம். அநியாயத்தைச் சரிபாதியாகப் பங்குவைத்தால் அது நியாயம் ஆகிவிடுமா?

விளம்பர வருமானம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பது எனக்கும் புரிகிறது. ஆகவே விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கீழே ஒரு வரி சேர்த்துப் போடச் சொல்லுங்கள், போதும்: ‘இத்தனை நாளில் வேலை கிடைக்காவிட்டால் டியூப்பின் விலையும், அதுவரைக்குமான சம்பளமும் கம்பெனி தரும்.’